120 அட்டை மனப்பாடம், கேள்வி மட்டும் புரியவில்லை: தமிழ்–இங்கிலீஷ் அறிவியல் சொல் அட்டை செய்தவர்கள் கொஞ்சம் வாங்க

நாகலூர்_வாசி

வணக்கம். ஏற்காடு பக்கம் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் எங்கள் திண்ணையில் ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பத்தாவது வரை ஆறு பேருமே தமிழ் மீடியம், ஜூனில் கீழே சேலத்தில் பிளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்கிறார்கள். முதல் நாளே பிசிக்ஸ் வகுப்பில் முழிக்கக் கூடாதே என்று ஏப்ரல் கடைசியில் உட்கார்ந்து 120 அட்டை எழுதினேன். ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல், மறுபக்கம் தமிழ்ச்சொல், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் பிள்ளைகள் பிளந்து கட்டுகிறார்கள். அட்டையைத் தூக்கிக் காட்டினால் இரண்டு விநாடியில் பதில். ஆக்சிலரேஷன் என்றால் முடுக்கம், இனர்ஷியா என்றால் நிலைமம். எனக்கே பெருமையாக இருந்தது, சரி, இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஒரு சின்னக் கணக்கு கொடுத்துப் பார்க்கலாம் என்று கொடுத்தேன். ஒரு பொருளின் மாஸ் 5 கிலோகிராம், அதன் வெயிட் என்ன. ஐந்து பேர் 5 கிலோகிராம் என்றே எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் 49 நியூட்டன் என்று எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டு 5 என்று மாற்றியிருந்தது. ஏன் அடித்தாய் என்று கேட்டால், “அட்டையில வெயிட்டுன்னா நிறைன்னு போட்டிருக்கே சார், நிறை தான் அஞ்சு கிலோ” என்கிறது.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து. வெயிட் – நிறை. இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது, அதைப் பார்த்து எழுதினேன். பிள்ளை சரியாகப் போட்ட கணக்கை என் அட்டை கெடுத்திருக்கிறது.

அந்த ஒன்றைத் திருத்திவிட்டேன். ஆனாலும் மற்ற ஐந்து பேர் அட்டையைப் பார்த்துக் குழம்பியதாகத் தெரியவில்லை, அவர்களுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. சொல் தெரிகிறது, வாக்கியம் தெரியவில்லை. இந்த மாதிரி அட்டை செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? எங்கே தப்பு செய்கிறேன்?

சூரமங்கலம்_டீச்சர்

தம்பி, முதலில் அந்த நிறை விவகாரம். நீங்கள் பார்த்தது இலங்கைப் பட்டியலாக இருக்கும். அங்கே பாடநூலில் மாஸ் என்பதற்குத் திணிவு, வெயிட் என்பதற்குத்தான் நிறை. நம் புத்தகத்தில் மாஸ் நிறை, வெயிட் எடை. இரண்டும் நல்ல தமிழ்தான், இரண்டும் அவரவர் ஊரில் சரி, ஒரே கட்டில் கலந்தால் மட்டும் பிள்ளைக்கு விஷம். வேகமும் அப்படித்தான். நமக்கு அது ஸ்பீடு, வெலாசிட்டிக்குத் திசைவேகம் என்கிறோம். அங்கே வேகம் என்றாலே வெலாசிட்டி, ஸ்பீடுக்குக் கதி. எனர்ஜிக்கு அங்கே சக்தி, பவருக்கு வலு, ஆக்சிலரேஷனுக்கு ஆர்முடுகல். உங்கள் கட்டில் திணிவு, கதி, வலு, ஆர்முடுகல் இதில் எதாவது ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த எல்லா அட்டையையும் ஒருமுறை சரிபாருங்கள். கண்ணில் படாமல் ஒளிந்திருப்பவைதான் ஆபத்து, நிறை, வேகம் மாதிரி இரண்டு பக்கமும் வேறு வேறு பொருளில் ஓடுகிற சொற்கள்.

இணையப் பட்டியலே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழிலும் இங்கிலீஷிலும் இரண்டும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே பாடத்தை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். படமும் கணக்கும் இரண்டிலும் ஒன்றுதான், பக்க எண் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கும். அந்தப் பிள்ளை பத்து வருஷமாகப் படித்த சொல் எது என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கனவே கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், அதை நீங்கள் கவனிக்கவில்லை. தமிழ் மீடியத்திலும் சூத்திரம் இங்கிலீஷ் எழுத்தில்தானே இருக்கிறது. F = ma என்று ஒன்பதாவதிலிருந்து எழுதுகிறார்கள். விசைக்கு ஏன் F, நிறைக்கு ஏன் m என்று ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தலையெழுத்தே என்று எழுதியிருப்பார்கள். அட்டையில் சூத்திரத்தையும் போடுங்கள். m என்பது மாஸ் என்கிற சொல்லின் முதல் எழுத்து என்று தெரிந்த நிமிஷம் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நான் முப்பது வருஷம் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. W = mg என்பதில் W எடை. P = W/t என்பதில் W வேலை. விடையில் 100 W என்று வந்தால் அது வாட். மூன்றும் ஒரே எழுத்து. இதற்கு மட்டும் தனி அட்டை போடுங்கள்.

எட்டாம்_வளைவு

என் கருத்தைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். இந்த அட்டையே வேண்டாத வேலை. வகுப்பில் வாத்தியார் இங்கிலீஷில்தான் நடத்தப்போகிறார், பரீட்சையும் இங்கிலீஷில்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் மனசுக்குள் தமிழுக்குப் போய்த் திரும்பி வந்தால் அதற்குள் போர்டை அழித்துவிடுவார்கள். நேரா இங்கிலீஷில் தள்ளிவிடுங்கள், ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். நானும் அப்படித்தான் வந்தேன். தமிழ்ச்சொல் மட்டும் என்ன சுலபமா? சவ்வூடுபரவல் என்று சொல்லிப் பாருங்கள், ஆஸ்மாசிஸ் இரண்டு மடங்கு சுலபம்.

அம்மாபேட்டை_அக்கா

எட்டாம் வளைவு அண்ணா, நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்கள் கூட இறங்கினவர்களில் பாதிப் பேர் பத்தாம் வளைவிலேயே உருண்டுபோனது உங்களுக்குத் தெரியாது. நான் உருண்டவள்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம் படித்துவிட்டு நர்சிங் சேர்ந்தேன். கஷ்டமான சொல்லைக் கண்டு நான் பயப்படவே இல்லை. ஹீமோகுளோபின், எபிதீலியம் எல்லாம் புதுசு, புதுசு என்று தெரியும், அதனால் உட்கார்ந்து படித்தேன். என்னைக் கவிழ்த்தது எனக்குத் தெரிந்த சொற்கள். டிஷ்யூ என்றால் கல்யாணச் சாப்பாட்டில் கை துடைக்கிற காகிதம். கல்ச்சர் என்றால் கலாச்சாரம், நம்ம கல்ச்சரே போச்சு என்பார்களே அது. முதல் செமஸ்டர் லேபில் “அந்தப் பேஸை எடுத்து வா” என்றார் எங்கள் மேடம், நான் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சோடியம் ஹைட்ராக்சைடைக் கேட்டிருக்கிறார். காரம் என்று சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன்.

ஆனால் அந்தக் காரமும் லேசுப்பட்டது இல்லை. என் நாத்தனார் பையன், ஏழாவது, வீட்டில் உள்ள காரங்களைப் பட்டியலிடுக என்றதற்கு சோப்பு, சலவைச் சோடா, அடுத்து மிளகாய் என்று எழுதி வைத்திருக்கிறான். மிளகாய் எரிவது அதிலுள்ள காப்சைசினால், அதற்கும் இந்தக் காரத்துக்கும் சம்பந்தம் இல்லை. நிஜமான காரம் கசக்கும், கையில் வழுவழு என்று இருக்கும். ஆக, அட்டையில் “பேஸ் – காரம்” என்று மட்டும் எழுதினால் இரண்டு பக்கமுமே பொய் சொல்கிற அட்டை. ஒரு பக்கம் அடிப்பாகம் என்று நினைக்கும், மறுபக்கம் மிளகாய் என்று நினைக்கும்.

கொண்டலாம்பட்டி_அப்பா

நல்ல விஷயம் சார். என் பையன் யூகேஜி போகிறான். ஆப்பிள், பால் எல்லாம் சொல்கிறான், வாக்கியமாகப் பேச வரவில்லை. எத்தனை அட்டை வாங்கலாம்? லேமினேஷன் பண்ணினது நல்லதா?

சூரமங்கலம்_டீச்சர்

யூகேஜி பிள்ளைக்கு அட்டை எதற்குங்க, வீட்டில் தமிழில் நிறையக் கதை சொல்லுங்கள். இது பிளஸ் ஒன் பிசிக்ஸ் பேச்சு.

நாகலூர் தம்பி, அம்மாபேட்டை சொன்னதை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதின அட்டைகளை வைத்து வேண்டாம், அட்டை எழுதவே தேவையில்லை என்று நீங்கள் விட்டுவிட்ட சொற்களை வைத்து. கணக்கின் வாக்கியத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் மனசில் என்ன தோன்றுகிறது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். சரி, தப்பு என்று நடுவில் சொல்லாதீர்கள்.

நாகலூர்_வாசி

டீச்சர் சொன்னபடியே செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் மன்னிக்கணும்.

பவர் பாடத்தை எடுத்தேன். இங்கிலீஷ் புத்தகம் சொல்வது, பவர் என்பது ‘ரேட் ஆஃப் டூயிங் ஒர்க்’. பவர் அட்டை அவர்களுக்கு மனப்பாடம், ஒர்க் அட்டையும் மனப்பாடம். ரேட்டுக்கு நான் அட்டை எழுதவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று. ஆறில் ஐந்து பேர் எழுதியது: வேலை செய்வதற்கான கூலி. எப்படி என்று கேட்டால், “ரேட்டுன்னா ரேட்டு தான சார். மிளகு ரேட்டு, ஆள் ரேட்டு.” தப்பு என்று எப்படிச் சொல்வேன்? தினமும் நானே கமிஷன் மண்டிக்குப் போன் போட்டு இன்றைக்கு என்ன ரேட் என்றுதான் கேட்கிறேன்.

அதற்குப் பிறகு தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. யூனிஃபார்ம் வெலாசிட்டி என்றால் ஒருத்தன் பள்ளிக்கூடச் சட்டையை நினைத்திருக்கிறான், சீரான என்று தோன்றவே இல்லை. பாடி என்றால் பிணம். அதனால் ‘எ பாடி அட் ரெஸ்ட்’ என்பதை ஒரு பையன் என்ன நினைத்திருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், பாவம் பயந்துபோய் எழுதாமலே விட்டிருந்தான். மீடியம் என்றால் இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம், இல்லாவிட்டால் பனியன் சைஸ். ஒளி ஒரு மீடியத்திலிருந்து இன்னொரு மீடியத்துக்குப் போகிறது என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு “அதுவும் எங்கள மாதிரியா சார்” என்று கேட்டாள் ஒருத்தி. நார்மல் என்றால் ஜுரம் இல்லை. கரண்ட் என்றால் வீட்டில் வருவது, போவது. சார்ஜ் போனுக்கு. கண்டக்டர் விசில் ஊதுவார்.

எல்லாமே நாம் தமிழுக்குள் எடுத்துப் போட்டுப் புழங்குகிற இங்கிலீஷ் சொற்கள். அவர்களுக்கு அவை இங்கிலீஷே இல்லை, தமிழ். அதனால் அர்த்தம் தெரியவில்லை என்ற சந்தேகமே வருவதில்லை. நான் 120 அட்டை எழுதினேன், இதில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் கூலி ரேட்டை வைத்தே நடத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் காப்பி மூட்டை லாரியில் ஏற்றினார்கள். மூட்டை 50 கிலோ, லாரியின் தட்டு தரையிலிருந்து 1.2 மீட்டர். இரண்டு பேர் ஏற்றினார்கள், ஒருத்தர் இளவட்டம், இரண்டு விநாடியில் தூக்கி வைக்கிறார். இன்னொருத்தர் பெரியவர், நாலு விநாடி ஆகிறது. பிள்ளைகள் போனில் நேரம் எடுத்தார்கள். மூட்டையின் எடை 50 × 9.8, அதாவது 490 நியூட்டன். அதை 1.2 ஆல் பெருக்கினால் 588 ஜூல், அது ஒர்க், இரண்டு பேருக்கும் ஒன்றே. காலத்தால் வகுத்தால் இளவட்டத்துக்கு 294 வாட், பெரியவருக்கு 147 வாட், அது பவர். “கூலி ரேட்டு மூட்டைக்கு இவ்வளவுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணு. இந்த ரேட்டு விநாடிக்கு எவ்வளவு வேலைங்கிறது” என்று ஒருத்தன் சொன்னான். ரேட் அட்டையின் பின்பக்கத்தில் அதையே எழுதிவிட்டோம்: ‘இன்ன நேரத்துக்கு எவ்வளவு. விலை அல்ல.’

எட்டாம்_வளைவு

மூட்டை உதாரணம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியே இதையும் சொல்லிக்கொடுங்கள்: குடோனிலிருந்து லாரி வரை சமதரையில் மூட்டையைச் சுமந்து நடந்தால் ஒர்க் பூஜ்யம். ஆக அவருக்கு எனர்ஜியும் செலவாகாது. பிசிக்ஸ்படி அவர் சும்மா இருந்ததற்குச் சமம்.

நாகலூர்_வாசி

அண்ணா, இதைத் திண்ணையில் சொன்னால் எனக்கு நாளைக்கு மூட்டை தூக்க ஆள் வராது.

சூரமங்கலம்_டீச்சர்

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. ஒரே வேகத்தில் சமதரையில் நடக்கும்போது தோள் மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறது, மூட்டை பக்கவாட்டில் நகர்கிறது. விசை ஒரு திசை, நகர்வு அதற்குச் செங்குத்து, ஆகவே அந்த விசை மூட்டையின் மேல் செய்த ஒர்க் பூஜ்யம். ஆனால் எனர்ஜி செலவாகாது என்பது எங்கே வந்தது? தசை சுருங்கிக்கொண்டேதான் இருக்கிறது, சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்த ஆற்றல் வெப்பமாகப் போகிறது. வேர்க்கிறதே. ஒர்க் பூஜ்யம் என்றால் மூட்டைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம், சுமக்கிற ஆளின் கணக்கு வேறு.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம், இங்கேயும் வழுக்குவது சொல்தான். ஒர்க், எனர்ஜி, பவர் மூன்றையும் தனித்தனி அட்டையாகக் கொடுத்தால் பிள்ளை மூன்றையும் ஒரே குட்டையில் போட்டுக் கலக்கும், ஏனென்றால் தமிழில் பேசும்போது நாமே கலக்குகிறோம். சூரிய சக்தி, மின்சக்தி, உடம்பில் சக்தி இல்லை. புத்தகம் எனர்ஜிக்கு ஆற்றல் என்கிறது, பவருக்குத் திறன் என்கிறது. திறனும் சும்மா இல்லை, வேதியியலுக்குப் போனால் இணைதிறன் என்று வேலன்சிக்கு வருகிறது, வெப்ப ஏற்புத்திறன் என்று வருகிறது, அங்கெல்லாம் அதற்கும் பவருக்கும் உறவு கிடையாது. அதனால் மூன்றையும் ஒரே அட்டையில் போடுங்கள், அலகோடு. ஜூல், ஜூல், வாட்.

வீட்டில் கரண்ட் மீட்டர் இருக்கிறதே, அதைவிட நல்ல அட்டை கிடையாது. மீட்டரில் ஓடுவது யூனிட். ஒரு யூனிட் என்றால் 1000 வாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டது. 1000 ஐ 3600 விநாடியால் பெருக்கினால் 36 லட்சம் ஜூல். அதாவது அது எனர்ஜி. ஆனால் ஊரே என்ன சொல்கிறது? எவ்வளவு பவர் ஓடியிருக்கு என்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டு, மீட்டர் காட்டுவது ஆற்றலா திறனா என்று கேளுங்கள். அலகைப் பார்த்துப் பதில் சொன்னால் பிடித்துக்கொண்டான். பவர் என்ற சொல்லைப் பார்த்துச் சொன்னால் இன்னும் இல்லை.

நாகலூர்_வாசி

கேட்டேன் டீச்சர். மூன்று பேர் ஆற்றல், மூன்று பேர் திறன். நாளைக்கு மறுபடியும்.

இப்போது அட்டையை மாற்றிவிட்டேன். 120 ஐ 45 ஆகக் குறைத்தேன், மூன்று நாள் ஆனது. பழைய அட்டையில் கேள்வி, பதில் என்று இரண்டு பக்கம் இருந்தது. இப்போது முன்பக்கம் ஒற்றைச்சொல் வருவதில்லை, புத்தகத்திலிருந்து ஒரு சின்ன இங்கிலீஷ் வாக்கியம், அதில் அந்தச் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. பின்பக்கம் மேலே நம் பாடநூலின் தமிழ்ச்சொல், அதற்குக் கீழே சூத்திர எழுத்தும் அலகும், அடியில் சிவப்பு மையில் ஒரு வரி, ‘இது அல்ல’ என்று. வெயிட் அட்டையில் அந்தச் சிவப்பு வரி இப்படி இருக்கிறது: கடைக்காரர் கிலோவில் சொல்வது அல்ல, அது மாஸ். இங்கே நியூட்டன். யூனிஃபார்ம் அட்டையில்: சட்டை அல்ல.

சிவப்பு வரியை நான் எழுதுவதில்லை. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தப்பு விட்டதோ அதுவே எழுதுகிறது. அதனால் ஆறு பேர் கட்டும் ஆறு விதமாக இருக்கிறது. கண்டக்டர் அட்டையில் சிவப்பு வரி மூன்று பேரிடம்தான் உண்டு, மற்றவர்களுக்குக் கடத்தி என்று உடனே வந்துவிட்டது.

பார்க்கும் முறைக்கு மூன்று பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். புதுசும் தப்பு விட்டதும் முதல் டப்பாவில், அது தினமும். சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், அது மூன்று நாளைக்கு ஒருமுறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாவது, வாரம் ஒருமுறை. எங்கே தப்பு விட்டாலும் மறுபடி முதல் டப்பா.

அம்மாபேட்டை_அக்கா

டப்பா முறை நல்லதுதான், நானும் அப்படித்தான் படித்தேன், ஜெர்மனிக்காரர் லைட்னர் சொன்ன முறை என்பார்கள். ஆனால் எப்போது சரி என்று ஒத்துக்கொள்கிறீர்கள்? அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு “ஆ, இதுதான் நானும் நினைச்சேன்” என்று எல்லாரும் அடுத்த டப்பாவில் போட்டுவிடுவார்கள். நான் போட்டேன். திருப்புவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், இல்லை சிலேட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவது டப்பாவுக்கு வந்த அட்டையில் தமிழைக் கேட்பதையே நிறுத்துங்கள். அந்தச் சொல்லை வைத்து இங்கிலீஷில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், இலக்கணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எட்டாம் வளைவு அண்ணா சொன்னதில் அந்த ஒரு விஷயம் எனக்கும் சரியென்று படுகிறது, ஒவ்வொரு தடவையும் தமிழுக்குப் போய்த் திரும்பினால் நேரம் போய்விடும். கைத்தடி வேண்டும், ஆனால் ஒருநாள் சுவரோரம் சாத்தி வைக்கணும்.

எட்டாம்_வளைவு

அப்பாடா, ஒன்றாவது சரியென்று சொன்னீர்களே.

ஒரு சந்தேகம். அட்டையில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறீர்களா? நான் அதற்கும் எதிரி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேஸ் என்று எழுதினால் அடிப்பாகமா, காரமா, முகமா, கட்டமா? கேஸ் என்று எழுதினால் சிலிண்டரா, போலீஸ் கேஸா? பரீட்சையில் எழுத்துப்பிழைக்கு மார்க் போகும். நம் எழுத்தில் எழுதிப் பழகினால் கண் அதையே பிடித்துக்கொள்ளும், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டு ஏறாது.

நாகலூர்_வாசி

எழுதித்தான் தருகிறேன் அண்ணா. இல்லாவிட்டால் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். ஹைட் என்பதைப் பாதிப் பேர் ஹெயிட் என்றுதான் படித்தார்கள், வெயிட்டைப் பார்த்து. வகுப்பில் வாத்தியார் ஹைட் என்று சொன்னால் அது தான் படித்த சொல்தான் என்று காதுக்குத் தெரிய வேண்டாமா?

சூரமங்கலம்_டீச்சர்

இதில் எனக்கே இரண்டு மனசு. பென்சிலில் எழுதி இரண்டாவது டப்பாவுக்குப் போகும்போது அழிக்கச் சொன்னேன் ஒரு வருஷம், அந்த வருஷப் பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள். அடுத்த வருஷம் அதே மாதிரி செய்தும் பலன் இல்லை, யாரும் அழிக்கவே இல்லை. நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்ட முடிகிறபோது எழுத்து வேண்டாம். பிள்ளை மலைமேல் வீட்டில் தனியாகப் படிக்கும் என்றால் எழுதித்தான் தர வேண்டியிருக்கும்.

நாகலூர்_வாசி

ஜூன் முதல் வாரத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு தகவல். அதே மாஸ், வெயிட் கணக்கை எண்களை மாற்றிக் கொடுத்தேன், 12 கிலோகிராம். ஐந்து பேர் 117.6 நியூட்டன். ஆறாவது பையன் 117.6 கிலோகிராம். அலகு அட்டை முதல் டப்பாவுக்குத் திரும்பிவிட்டது.

மீட்டர் கேள்விக்கு இப்போது ஐந்து பேர் ஆற்றல் என்கிறார்கள். திறன் என்று சொன்னவள், “யூனிட் தான சார் பவர், எங்கப்பா அப்படித்தான் சொல்றாரு” என்று இன்னும் சண்டை போடுகிறாள். அப்பாவோடு சேர்ந்து மீட்டரைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உயிரியலுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கே ஒன்று மாட்டுகிறது. ரெஸ்பிரேஷன், பிரீதிங் இரண்டுக்கும் பிள்ளைகள் சுவாசம் என்றே சொல்கிறார்கள். அம்மாபேட்டை அக்கா, நீங்கள் அந்தப் பக்கம் ஆயிற்றே?

அம்மாபேட்டை_அக்கா

பிரீதிங் என்றால் மூச்சுவிடுதல், காற்று உள்ளே போய் வெளியே வருவது. ரெஸ்பிரேஷன் என்று பாடம் சொல்வது பெரும்பாலும் செல்லுக்குள் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுப்பது. மரம் மூச்சு வாங்காது, ஆனால் பகல், ராத்திரி இரண்டு வேளையும் அதன் செல்கள் சுவாசிக்கும். தமிழில் சுவாசம் என்று சொன்னாலே மூக்கு ஞாபகம் வந்துவிடுவதால்தான் செடி ராத்திரி மட்டும் சுவாசிக்கும் என்று எழுதி வைக்கிறார்கள். சிவப்பு வரி போடுங்கள்: மூக்கு அல்ல. ஒரு சங்கடம் உண்டு, ஆஸ்பத்திரியில் ரெஸ்பிரேட்டரி ரேட் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்றுதான் எண்ணுவோம், அங்கே மூக்கேதான். அதை அட்டையில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ரேட் மட்டும் உங்கள் பிள்ளைகளுக்கு இனிமேல் குழம்பாது.

கொண்டலாம்பட்டி_அப்பா

எல்லாம் படித்தேன் சார், லேமினேஷன் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே.

நாகலூர்_வாசி

வேண்டாங்க. என்னுடையதெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதை வெட்டி எடுத்தது. லேமினேட் பண்ணியிருந்தால் அந்த நிறை அட்டையை அடித்து எழுதியிருக்க முடியாது.